பணம் கட்டியது யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பாவிடம் நான் கேட்ட ஒரு கேள்வி ஏழெட்டு மாதமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று இரவு பதினொன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. ஒன்பதரைக்கே படுத்துவிடுகிற மனிதர். பதறி எடுத்தால், "ஒண்ணுமில்லம்மா, சின்ன சந்தேகம். நமக்குத் தெரியாம ஒருத்தன் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வர முடியுமா?" என்று பொது அறிவுக் கேள்வி மாதிரி ஆரம்பித்தார். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்பதால் கம்ப்யூட்டர் சந்தேகமெல்லாம் என்னிடம் வருவது வழக்கம். ஆனால் குரல் வழக்கமானதாக இல்லை. கொஞ்சம் வற்புறுத்திய பிறகு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, அதை எனக்கு அனுப்பினார்.

இரண்டாவது வரியிலேயே என்ன கடிதம் என்று தெரிந்துவிட்டது. வாரத்துக்குக் குறைந்தது பத்து கடிதமாவது எங்கள் குப்பைக் கடித வடிகட்டியில் சிக்குகிற ரகம். "உன் கணினியில் நிரல் ஒன்றை நிறுவியிருக்கிறேன். நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் கேமரா வழியாக உன்னைப் பதிவு செய்தேன். ஒரு பாதியில் நீ பார்த்தது, மறுபாதியில் நீ. 1,200 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பு. 48 மணி நேரம் தருகிறேன். இல்லாவிட்டால் உன் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும்." இதுதான் சாரம். கடிதத்தின் தலைப்பில் சித்தப்பாவின் கடவுச்சொல் இருந்தது. அனுப்புநர் இடத்தில் சித்தப்பாவின் சொந்த முகவரியே இருந்தது.

இது வெற்று மிரட்டல் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு: "சித்தப்பா, நீங்க அந்த மாதிரி ஏதாவது பார்த்தீங்களா?"

போனில் சத்தமே இல்லை. அப்புறம், "காலையில பேசறேன்மா" என்று வைத்துவிட்டார்.

கடவுச்சொல் எங்கிருந்து வந்தது

காலையில் நானே கூப்பிட்டேன். நேற்றைய கேள்வியைத் தொடவில்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது கேமரா அல்ல, அந்தக் கடவுச்சொல். "மத்ததெல்லாம் பொய்னு வெச்சுக்கோ. இது என் பாஸ்வேர்டும்மா. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றார். நியாயமான பயம். 2018 ஜூலையில் இந்த வகைக் கடிதங்கள் கடவுச்சொல்லோடு வர ஆரம்பித்தபோது உலகம் முழுக்கப் பலரும் இப்படித்தான் ஆடிப்போனார்கள். அதுவரை குப்பையில் தள்ளிவிட்டுப் போனவர்கள்கூட நின்று படித்தார்கள்.

"அந்தப் பாஸ்வேர்டை இப்ப எங்கே பயன்படுத்தறீங்க?" என்று கேட்டேன். மின்னஞ்சலுக்கு இல்லை, அதை மாற்றி நாலைந்து வருடம் ஆகிறது. யோசித்துப் பார்த்ததில், 2011 வாக்கில் ஒரு வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கியபோது வைத்தது என்று நினைவுக்கு வந்தது. `haveibeenpwned.com` என்ற தளத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தட்டினேன். ஒரு முகவரி எந்தெந்தத் தளங்களின் தரவுக் கசிவில் வெளியே போயிருக்கிறது என்று அது சொல்லும். அவர் சொன்ன அந்தத் தளமும் பட்டியலில் இருந்தது.

எங்கோ ஒரு தளத்தை உடைத்து, உறுப்பினர்களின் முகவரியையும் கடவுச்சொல்லையும் அள்ளிக்கொண்டு போவார்கள். அது முதலில் ரகசியமாக விலைபோகும். பிறகு மலிந்து, பல கசிவுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கடைசியில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் நிலைக்கு வரும். 2019 ஜனவரியில் வெளிவந்த 'கலெக்‌ஷன் 1' என்ற ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 77 கோடி மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. அப்படிப்பட்ட பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி, பக்கத்தில் ஒரு கடவுச்சொல். கடிதம் தயாரிக்கும் நிரல் முதலாவதைப் பெறுநர் இடத்திலும் இரண்டாவதைத் தலைப்பிலும் ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். சித்தப்பாவின் கணினிப் பக்கம் யாரும் வரவே இல்லை. அவருடைய சாவி வேறு ஒருவர் வீட்டில் களவு போயிருந்தது, அவ்வளவுதான்.

கடிதத்தை மறுபடி படித்துக் காட்டினேன். பார்த்ததாகச் சொல்லும் தளத்தின் பெயர் அதில் இல்லை. எந்தக் கருவியின் கேமரா என்று இல்லை. தேதி இல்லை. தொடர்புப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறேன் என்பவன் அதிலிருந்து ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். சித்தப்பா மின்னஞ்சல் பார்க்கும் மேசைக் கணினியில் கேமராவே கிடையாது. ஆனாலும் அவருக்கு, "போன்ல இருக்கே" என்று ஓடியிருக்கிறது. எந்தக் கருவி என்று சொல்லாமல் விட்டதால், படிப்பவரே தன்னிடம் உள்ள ஏதோ ஒரு கேமராவை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார்.

என் பெயரிலிருந்தே எனக்கு

அடுத்து அந்த அனுப்புநர் முகவரி. "என் அக்கவுண்டுக்குள்ள இருந்தே அனுப்பியிருக்கானே" என்றார். இதற்குப் பதில் கடிதத்தின் மறைந்த தலைப்பகுதியில் இருக்கும். வெறுமனே ஃபார்வர்டு செய்தால் அந்தப் பகுதி வராது. எனவே மூல வடிவத்தைத் திறந்து முழுவதையும் நகலெடுத்து அனுப்பச் சொன்னேன். முகவரிகளை மட்டும் மாற்றிவிட்டு, தேவையான வரிகளை இங்கே தருகிறேன்:

```
From: <abc@example.com>
To: <abc@example.com>
Authentication-Results: mx.example.com;
  spf=softfail smtp.mailfrom=example.com;
  dkim=none;
  dmarc=fail header.from=example.com
Content-Type: text/plain; charset="utf-8"
```

அஞ்சல் உறையின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியை எழுதுகிற மாதிரிதான் `From:` வரியும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மின்னஞ்சல் உருவான காலத்தில் அதைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. சோதனைகள் பிறகு சேர்க்கப்பட்டன, அவற்றின் முடிவுகள்தான் மேலே உள்ளவை. `spf=softfail` என்றால், கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த கணினி அந்த முகவரிக்காக அனுப்ப அனுமதி பெற்றதாகத் தெரியவில்லை என்று பொருள். `dkim=none` என்றால் அனுப்பும் சர்வர் போட வேண்டிய கையெழுத்து இல்லை. `dmarc=fail` என்றால் மொத்தத்தில் இந்த அனுப்புநர் முகவரியை நம்புவதற்கில்லை. சோதனையில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்பதை முகவரிக்கு உரிய நிறுவனம் அறிவித்து வைக்கலாம். சித்தப்பாவின் மின்னஞ்சல் நிறுவனம் `p=none`, அதாவது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று வைத்திருந்தது. அதனால் மூன்று சோதனைகளிலும் தேறாத கடிதம் நேராக உள்ளே வந்துவிட்டது.

அதற்கு முந்தின மாதம் சித்தப்பா எனக்கு உண்மையாகவே அனுப்பிய ஒரு கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் `dkim=pass` என்று இருந்தது. இவன் கணக்குக்குள் நுழைந்து அனுப்பியிருந்தால் இதிலும் அந்தக் கையெழுத்து விழுந்திருக்கும்.

கடைசி வரியும் ஒரு பொய்யைக் காட்டிக்கொடுத்தது. கடிதத்தைத் திறந்த நொடியே தனக்குத் தகவல் வந்துவிடும் என்றும், 48 மணி நேரம் அதிலிருந்து ஓடும் என்றும் அவன் எழுதியிருந்தான். திறந்ததைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றை வைப்பார்கள், திறக்கும்போது அந்தப் படம் அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். இந்தக் கடிதம் `text/plain`, வெறும் எழுத்து. அதில் படம் வைக்க இடமே இல்லை. எனவே கடிகாரமும் இல்லை.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

தேடினால் கிடைக்காத வாக்கியம்

நம்பாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. முந்தின நாள் மாலையிலேயே, கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை நகலெடுத்து இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். ஊருக்கெல்லாம் போகிற கடிதமாக இருந்தால் யாராவது அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும் அல்லவா? ஒன்றுமே வரவில்லை. அப்போதுதான் இது தனக்கென்றே எழுதப்பட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்.

நானும் ஒட்டித் தேடினேன், எனக்கும் வரவில்லை. அதே வாக்கியத்தை என் கையால் தட்டச்சு செய்து தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது. கடிதத்தில் இருந்த `a`, `e`, `o` பலவும் ஆங்கில எழுத்துகளே அல்ல, ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கோ வேறு வேறு. ஆங்கில `a` வின் குறியீட்டு எண் U+0061, சிரிலிக் `а` வின் எண் U+0430. தெரிந்த வாக்கியங்களைத் தேடிப் பிடிக்கும் வடிகட்டிகளிடமிருந்து தப்பிக்கச் செய்கிற வேலை இது. கடிதம் முழுவதையும் படமாக அனுப்புவதும் உண்டு. தற்செயலாக, சந்தேகப்பட்டுத் தேடுகிறவரையும் இது ஏமாற்றிவிடுகிறது.

ஆனால் அவனால் எழுத்து மாற்ற முடியாத ஒரே வரி கடிதத்தில் இருக்கிறது. அதுதான் பிட்காயின் முகவரி. அதில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் அவனுக்குப் போகாது. அதை எடுத்துத் தேடினேன். மோசடி முகவரிகளைப் பதிவு செய்யும் ஒரு தளத்தில் அதே முகவரி நூற்றுக்கும் மேற்பட்ட முறை பதிவாகியிருந்தது. அதே கடிதம், அதே 1,200 டாலர். ஆளுக்கு ஆள் கடவுச்சொல் மட்டும் வேறு. சித்தப்பாவுக்கும் திரையைப் பகிர்ந்து காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இரும்மா. எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட் நம்பரா?"

"ஆமா சித்தப்பா."

"தொகையும் ஒண்ணு. பணம் கட்டும்போது ரெஃபரன்ஸ் நம்பர், பேரு, ஏதாவது குறிக்கச் சொல்றானா?"

"இல்ல. பிட்காயின்ல பேரே கிடையாது. அனுப்பற முகவரி, வாங்கற முகவரி, தொகை, நேரம், அவ்வளவுதான் தெரியும்."

"கட்டினப்புறம் தகவல் சொல்லச் சொல்றானா?"

"பதில் எழுதாதேன்னுதான் போட்டிருக்கான்."

"அப்ப கட்டினது நான்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவர் சித்தப்பா. வந்த பணம் யாருடையது என்று தெரியாவிட்டால் அதை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது, சஸ்பென்ஸ் கணக்கில்தான் போட வேண்டும் என்று அவரே விளக்கினார். "நூறு பேருக்கு நோட்டீஸ் விட்டிருக்கான். நாலு பேர் கட்டினா, எந்த நாலு பேரோட வீடியோவை அழிப்பான்? அழிக்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே யாரு கட்டினதுன்னு கவலைப்படணும்!" என்றார். குரல் பழையபடி ஆகிவிட்டது.

எத்தனையோ வருடமாக இந்தக் கடிதங்களைப் பார்த்துவரும் எனக்கு இப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. நான் எப்போதும் கேமரா, வைரஸ், தலைப்பகுதி என்றே விளக்குவேன். அவர் கேட்டது வசூல் எப்படி நடக்கிறது என்று. பணம் கட்டியவரையும் கட்டாதவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லாதவன், கட்டாதவருக்கு மட்டும் தண்டனை தரவும் முடியாது. இதில் ஒரு வரம்பு உண்டு, அதையும் அவரிடம் சொன்னேன். பிட்காயின் முகவரிகளை எத்தனை வேண்டுமானாலும் செலவில்லாமல் உருவாக்கலாம். சிலர் ஆளுக்கொரு முகவரி வைத்தும் அனுப்புகிறார்கள். ஒரே முகவரி பலருக்குப் போயிருந்தால் மிரட்டல் வெற்று என்பது உறுதி. நம் கடிதத்திலுள்ள முகவரியைத் தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் மட்டும் மிரட்டல் உண்மை ஆகிவிடாது.

எண்ணிக்கையும் இதையேதான் சொல்கிறது. 2019 அக்டோபரில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஃபோர்பீக்ஸ் என்ற, வைரஸ் பிடித்த கணினிகளின் படை ஒரு மணி நேரத்துக்கு 30,000 மிரட்டல் கடிதங்கள் வரை அனுப்புவதாக அறிவித்தது. ஒவ்வொருவரின் பதிவையும் யாராவது ஒரு நிமிடம் பார்த்துச் சரிபார்ப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரக் கடிதங்களுக்கே 500 மணி நேரம் வேண்டும். அப்படி யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஐந்து மாதத்தில் அந்தக் கணினிப்படைக்குச் சேர்ந்தது 14 பிட்காயின், அன்றைய மதிப்பில் 1,10,000 டாலருக்கு மேல். கோடிக்கணக்கான முகவரிகளில் மிகச் சிலர் பயந்தால் போதும். அனுப்பும் செலவும் ஏற்கெனவே வைரஸ் பிடித்த யாரோ ஒருவரின் கணினி மீதுதான் விழுகிறது.

உண்மையாக இருந்தால் எப்படி இருக்கும்

கேமராவை ஊடுருவவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2013இல் அமெரிக்காவில் 19 வயது மாணவன் ஒருவன் பல இளம்பெண்களின் கணினிகளில் தொலைவிலிருந்து இயக்கும் நிரலைப் புகுத்தி, கேமரா வழியாகப் படமெடுத்து மிரட்டினான். அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் அந்தப் பெண்களுக்கு அவர்களுடைய படத்தையே அனுப்பினான். கையில் உண்மையாகவே ஒன்றை வைத்திருப்பவனுக்கு அதைக் காட்டுவதைவிட வலுவான வாக்கியம் கிடையாது. பழைய கடவுச்சொல்லைக் காட்டி மிரட்டுகிறவனிடம் காட்ட வேறொன்றும் இல்லை. 2024இல் வீட்டு முகப்பின் படத்தோடு இந்தக் கடிதங்கள் வந்தன. அதுவும் கசிந்த முகவரியையும், இணைய வரைபடத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய தெருப் படத்தையும் ஒட்டிச் செய்ததுதான்.

முற்றிலும் வேறான ஒன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இணையத்தில் பழகிய ஒருவரோடு வீடியோவில் பேசி, அல்லது அவருக்குப் படம் அனுப்பி, பிறகு அவரே மிரட்ட ஆரம்பித்தால் அது வெற்று மிரட்டல் அல்ல. அவரிடம் பதிவு உண்மையாகவே இருக்கிறது. அங்கேயும் பணம் கொடுப்பதால் தீராது, கொடுப்பவர் என்று தெரிந்தால் கேட்பது கூடும். ஆனால் அந்தக் கடிதத்தை அழித்துவிட்டுப் போகக் கூடாது. உரையாடலைச் சேமித்துக் காவல் துறையிடம் போக வேண்டும். `stopncii.org` என்ற தளம், படத்தை நம் கருவியிலேயே வைத்துக்கொண்டு கைரேகை மாதிரி அதை அடையாளம் காட்டும் ஓர் எண்ணை மட்டும் எடுத்து, தன்னோடு சேர்ந்துள்ள சமூகத் தளங்களில் அது ஏறாமல் தடுக்க உதவுகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே எடுத்த படமானால் அதேபோல `takeitdown.ncmec.org` இருக்கிறது.

வெற்றுக் கடிதத்திலும் ஒரு உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கலாம். "நம்பாவிட்டால் இந்த இணைப்பில் வீடியோவைப் பார்" என்று சில கடிதங்கள் சொல்லும். 2018 டிசம்பரில் அப்படி வந்த இணைப்பைச் சொடுக்கியவர்களின் கணினியில் கடவுச்சொல் திருடும் நிரலும், கோப்புகளைப் பூட்டும் நிரலும் இறங்கின. சித்தப்பா கடிதத்தில் இணைப்பு எதுவும் இல்லை. அந்தப் பழைய கடவுச்சொல் இன்னும் உயிரோடிருந்த இரண்டு தளங்களை அன்று மாலையே தேடிப் பிடித்து மாற்றினோம். பதில் எழுதவில்லை. 48 மணி நேரம் கடந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கேள்வி

முதல் இரவு நான் கேட்டதற்கு வருவோம். சித்தப்பா எதைப் பார்த்தார், பார்க்கவில்லை என்பதற்கும் கடிதம் உண்மையா என்பதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அனுப்பிய நிரலுக்கு அது தெரியாது. பார்த்தவருக்கும் அதே கடிதம், பார்க்காதவருக்கும் அதே கடிதம். அப்படியிருக்க அதைக் கேட்டதன் மூலம், அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் அவரை நிறுத்திவிட்டேன். அவன் எழுதியதையே நானும் வேறு வார்த்தையில் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டு அந்த இரவை எப்படிக் கழித்தார் என்று யோசிக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது. விடிவதற்குள் அவர் பணத்தைக் கட்டியிருந்தால் அதில் எனக்கும் பங்கு இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டதுல தப்பில்லம்மா, எனக்குத்தான் பதில் வரல" என்று முடித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார். தன்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கடிதத்தை, கடவுச்சொல்லை மட்டும் மறைத்துவிட்டு, "எனக்கு இது வந்தது" என்று தன் பெயரிலேயே போட்டிருக்கிறார். குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அதே கடிதம் வந்து, அழித்துவிட்டிருக்கிறார். இன்னொருவர் மகனுக்குத் தெரியாமல் பணம் கட்டியவர். மறுமாதமே அவருக்கு மறுபடி கடிதம் வந்திருக்கிறது, அதே கடவுச்சொல், வேறு தொகை.

"அவன்கிட்டதான் யார் கட்டினாங்கன்னு கணக்கே இல்லையே, அனுப்பாம என்ன பண்ணுவான்" என்றார் சித்தப்பா. இரண்டாவது தொகையைக் கட்ட அந்த நண்பர் கடன் கேட்டுக்கொண்டிருந்தாராம். சித்தப்பா அவரை வீட்டுக்கு வரவழைத்து, முகவரியைத் தேடிக் காட்டி, கூடவே உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்ற வைத்திருக்கிறார். நான் உறுத்தலோடு, "அவர்கிட்ட நீங்க ஏதாவது கேட்டீங்களா சித்தப்பா?" என்றேன்.

"எந்த சைட்ல எல்லாம் இதே பாஸ்வேர்டு வெச்சிருக்கேன்னு கேட்டேன்" என்றார்.